பி1 ஃபேஜா, கான்ஜுகேஷனா? ஒரு ஜீனை இடம் மாற்ற எந்த வழி சரி

காரைக்குடியில் எங்கள் ஆய்வகத்துக்கு வருஷா வருஷம் ஜனவரியில் எம்.எஸ்சி புராஜெக்ட் மாணவர்கள் வருவார்கள். வந்த முதல் வாரமே ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "சார், இந்த ஜீனை மாத்தணும். டிரான்ஸ்டக்ஷன் பண்றதா, கான்ஜுகேஷன் பண்றதா?" இந்த வருஷம் இருவர் கேட்டார்கள். தேவகோட்டை மாணவி ஒருவர், ஈ.கோலையில் ஒரு ஜீன் நீக்கப்பட்ட வகையிலிருந்து அந்த நீக்கத்தை மட்டும் வேறொரு ஈ.கோலைக்குக் கொண்டுபோக விரும்பினார். கானாடுகாத்தான் பக்கத்து மாணவர் ஒருவர், ஊருணித் தண்ணீரில் பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவின் ஆம்பிசிலின் எதிர்ப்பு வேறு பாக்டீரியாவுக்குத் தாவுவதைப் பார்த்திருந்தார். அது எந்த வழியில் தாவுகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

இரண்டும் ஒரே கேள்விபோலத் தெரியும். முதலாமவர் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாமவர் நடந்துகொண்டிருக்கும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் இரண்டுக்குமே, ஜீன் எப்படி நகர்கிறது என்பது கையளவில் தெரிந்திருக்க வேண்டும்.

## இரண்டிலும் உண்மையில் என்ன நடக்கிறது

டிரான்ஸ்டக்ஷனில் ஜீனைச் சுமப்பது ஃபேஜ், அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். பி1 என்ற ஃபேஜை எடுத்துக்கொள்வோம். அது ஈ.கோலைக்குள் புகுந்து தன் டிஎன்ஏவை நீண்ட சங்கிலியாகப் பிரதியெடுக்கிறது. பிறகு ஒரு நொதி அந்தச் சங்கிலியில் குறிப்பிட்ட ஓர் இடத்தைப் பிடித்து வெட்டி, வெறுமையாக இருக்கும் ஃபேஜ் தலைக்குள் திணிக்க ஆரம்பிக்கிறது. தலை நிரம்பியதும் வெட்டிவிட்டு அடுத்த தலைக்குப் போகிறது. அளவுகோல் 'தலை நிரம்பியதா' என்பது மட்டும்தான். உள்ளே போவது யாருடைய டிஎன்ஏ என்று அது சரிபார்ப்பதில்லை. அதனால் எப்போதாவது அந்த நொதி பாக்டீரியாவின் குரோமோசோமைப் பிடித்து வெட்டித் திணித்துவிடுகிறது. அப்படி நிரம்பிய துகளில் ஃபேஜின் ஜீன் எதுவும் இல்லை. பாக்டீரியாவின் டிஎன்ஏ சுமார் 1 லட்சம் காரம், அதாவது டிஎன்ஏ எழுத்து, நீளத்துக்கு இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஃபேஜ்தான். அடுத்த பாக்டீரியாவின் மேல் ஒட்டி, உள்ளே இருப்பதைச் செலுத்திவிடும். அந்தப் பாக்டீரியா சாவதில்லை. அதற்குக் கிடைத்தது வைரஸ் இல்லை, வேறொரு பாக்டீரியாவின் குரோமோசோம் துண்டு.

கான்ஜுகேஷனில் கொடுக்கும் பாக்டீரியாவும் வாங்கும் பாக்டீரியாவும் ஒன்றையொன்று தொட வேண்டும். கொடுப்பதிடம் எஃப் போன்ற ஒரு பிளாஸ்மிட், அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக நிற்கும் டிஎன்ஏ வளையம், இருக்கும். சுமார் 1 லட்சம் காரம் நீளமுள்ள அதன் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இந்தக் கைமாற்று வேலைக்கான ஜீன்களே. பைலஸ் என்ற இழை நீண்டு வாங்கும் செல்லைப் பிடித்து, சுருங்கி அருகில் இழுக்கிறது. பிறகு ஒரு நொதி பிளாஸ்மிட்டின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஓர் இழையை மட்டும் வெட்டி, அந்த ஒற்றை இழையை மறுபக்கம் அனுப்புகிறது. மறுபக்கம் போன இழைக்கு அங்கேயே ஜோடி இழை உருவாகிறது. இங்கே இருக்கும் இழைக்கும் அப்படியே. ஆகவே கொடுத்தது எதையும் இழப்பதில்லை, வாங்கியதும் ஒரு முழுப் பிளாஸ்மிட்டோடு நிற்கிறது.

முதல் வழியில் கொடுத்த பாக்டீரியா செத்துப்போயிருக்கும். இரண்டாம் வழியில் அது உயிரோடு பக்கத்திலேயே இருக்கும். பின்னால் வரும் பல தொல்லைகளுக்கும் வசதிகளுக்கும் இந்த ஒரு வித்தியாசம்தான் மூலம்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் மாணவர்களிடம் முதலில் கேட்பது, ஜீன் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று. குரோமோசோமிலா, பிளாஸ்மிட்டிலா? பாதி முடிவு இங்கேயே வந்துவிடும்.

அடுத்தது வாங்கும் பாக்டீரியா யார் என்பது. பி1 ஒட்டிக்கொள்ளும் மேற்பரப்பு அதற்கு இருக்கிறதா? வந்த துண்டைத் தன் குரோமோசோமில் சேர்த்துக்கொள்ளும் ரெக்-ஏ ஜீன் வேலை செய்கிறதா?

மூன்றாவது, ஜீனோடு வேறு என்னென்ன கூட வரும். நான்காவது, வேலை முடிந்தபின் கொடுத்தவரையும் சுமந்தவரையும் எப்படி ஒழித்துக்கட்டுவது. 'எது சீக்கிரம் முடியும்' என்பதை நான் அளவுகோலாகவே வைப்பதில்லை. இரண்டுமே மூன்று நான்கு நாள் வேலைதான்.

## பி1 டிரான்ஸ்டக்ஷன்

தேவகோட்டை மாணவியின் கதையை முழுசாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வழியின் பலமும் மறைந்திருக்கும் செலவும் அதிலேயே இருக்கின்றன.

அவர் கையில் இருந்தது கியோ தொகுப்பிலிருந்து வந்த ஒரு வகை. ஜப்பானில் உருவாக்கி 2006-ல் வெளியிட்ட தொகுப்பு அது. ஈ.கோலையில் ஒவ்வொரு ஜீனாக நீக்கி, அந்த இடத்தில் கானமைசின் எதிர்ப்பு ஜீனை வைத்த 3,985 நீக்கங்கள் அதில் உண்டு. எல்லாவற்றுக்கும் தாய் பிடபிள்யூ25113 என்ற வகை. நம் மாணவிக்கு வேண்டியது ஃபோ-ஏ என்ற ஜீனின் நீக்கம், அதுவும் எம்ஜி1655 என்ற வகைக்குள். குரோமோசோம் ஜீன், கொடுப்பதும் வாங்குவதும் கே-12 என்ற ஆய்வக ஈ.கோலை குடும்பம், வாங்குவதில் ரெக்-ஏ சரியாக இருக்கிறது. யோசிக்கவே வேண்டாம், பி1தான்.

முதல் நாள் லைசேட் தயாரிப்பு, அதாவது ஃபேஜ் செல்களை உடைத்து வெளிவந்து நிறைந்திருக்கும் திரவம். கொடுக்கும் வகையை இரவு முழுக்க வளர்த்து, காலையில் நூறில் ஒரு பங்காகப் புது எல்பி திரவத்தில் ஊற்றி, 5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடும் கொஞ்சம் குளுக்கோஸும் சேர்க்க வேண்டும். கால்சியம் இல்லாவிட்டால் பி1 ஒட்டாது. முக்கால் மணி நேரம் வளர்ந்ததும் பழைய பி1 லைசேட்டில் 100 மைக்ரோலிட்டர். பிறகு பொறுமை. கலங்கலாக இருக்கும் திரவம் இரண்டு மூன்று மணி நேரத்தில் தெளிய ஆரம்பிக்கும். குழாயை வெளிச்சத்தில் பிடித்தால் செத்த செல்களின் குப்பை நூல்நூலாக மிதப்பது தெரியும். சில சொட்டு குளோரோபார்ம் விட்டு, சுழற்றி, மேலே தெளிந்ததை எடுத்து 4 டிகிரியில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. நல்ல லைசேட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு சுமார் 100 கோடி ஃபேஜ் இருக்கும்.

இரண்டாம் நாள், வாங்கும் வகையைக் கால்சியமும் மெக்னீசியமும் உள்ள கரைசலில் கரைத்து, 100 மைக்ரோலிட்டர் லைசேட்டோடு அரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும். இந்த 100 மைக்ரோலிட்டரில் 10 கோடி ஃபேஜ். அவற்றில் நமக்கு வேண்டிய ஜீனைச் சுமந்து, அது குரோமோசோமிலும் சேர்ந்து, காலனியாக முளைப்பது லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான். அதாவது பிளேட்டில் நூறு முதல் ஆயிரம் காலனி வரை வரலாம். போதும், தாராளம். லைசேட்டை அதிகம் ஊற்றினால் காலனி கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. நல்ல துண்டு கிடைத்த செல்லுக்குள் சாதாரண ஃபேஜ் ஒன்றும் சேர்ந்து புகுந்து அதைக் கொன்றுவிடும். செல்லின் எண்ணிக்கை ஃபேஜைவிடப் பத்து மடங்காவது இருக்கட்டும்.

அரை மணி நேரம் முடிந்ததும் சோடியம் சிட்ரேட் ஊற்ற வேண்டும். அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், மிச்சமிருக்கும் ஃபேஜ் மேற்கொண்டு ஒட்ட முடியாது. நான் மாணவனாக இருந்தபோது இந்தப் படியை மறந்துவிட்டேன். மறுநாள் பிளேட்டில் காலனிகள் இருந்தன, ஆனால் ஓரங்கள் எலி கடித்ததுபோல அரித்துப்போயிருந்தன. எடுத்துத் தேய்த்தால் எதுவும் வளரவில்லை. அதற்கப்புறம் கானமைசின் பிளேட்டிலும் சிட்ரேட் சேர்த்துத்தான் ஊற்றுகிறேன். முளைத்த காலனியையும் சிட்ரேட் பிளேட்டில் இரண்டு முறை தேய்த்துப் பிரித்த பிறகே நம்புகிறேன்.

கட்டுப்பாட்டுப் பிளேட் இரண்டு கட்டாயம் வேண்டும். வாங்கும் வகையைத் தனியாக ஒரு பிளேட்டில், லைசேட்டைத் தனியாக இன்னொன்றில். இரண்டாவதுதான் முக்கியம். குளோரோபார்முக்குத் தப்பிய ஒரே ஒரு கொடுப்பவர் செல் லைசேட்டில் இருந்தாலும் அது கானமைசினில் ஜம்மென்று வளரும். நீங்கள் அதை டிரான்ஸ்டக்டன்ட் என்று நினைத்து மூன்று மாதம் ஆராய்ச்சி செய்வீர்கள்.

### கூட வரும் விருந்தாளி

மாணவியின் பிளேட்டில் 118 காலனி. கட்டுப்பாட்டுப் பிளேட் இரண்டும் வெறுமை. சந்தோஷமாக ஒரு காலனியை எடுக்கப் போனவரை நிறுத்தினேன். "ஏம்மா, தாய் வகையோட ஜீன் பட்டியலைப் பாத்தியா?"

பிடபிள்யூ25113-இல் லாக்-இசட் ஜீனும் நீக்கப்பட்டிருக்கிறது. கியோ தொகுப்பில் இருக்கும் ஒவ்வொரு வகையிலும் அந்த நீக்கம் உண்டு. ஃபோ-ஏவுக்கும் லாக்-இசட்டுக்கும் குரோமோசோமில் இடைவெளி சுமார் 37,000 காரம். பி1 சுமப்பதோ 1 லட்சம். அப்படியானால் கானமைசின் ஜீனோடு சேர்ந்து லாக்-இசட் நீக்கமும் எம்ஜி1655-க்குள் போயிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு:

```
C = (1 - d/L)^3
d = 37000, L = 100000
C = 0.63 × 0.63 × 0.63 ≈ 0.25
```

d என்பது இரு ஜீன்களின் இடைவெளி, L என்பது ஃபேஜ் சுமக்கும் நீளம், C என்பது இரண்டும் சேர்ந்தே வரும் விகிதம். நான்கில் ஒன்று. இடைவெளி 50,000 என்றால் எட்டில் ஒன்று. 1 லட்சத்தைத் தாண்டினால் சேர்ந்து வரவே வராது.

சரி, பார்த்துவிடுவோம் என்று 118 காலனியையும் எக்ஸ்-கேல், ஐபிடிஜி, கானமைசின் சேர்த்த பிளேட்டுகளில் பல்குச்சியால் தொட்டு வைத்தோம். லாக்-இசட் உயிரோடு இருந்தால் நீலம், போயிருந்தால் வெள்ளை. மறுநாள் காலையில் நீலத்துக்கு நடுவே ஆங்காங்கே வெள்ளை. எண்ணினால் 27. நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் கீழே.

அவருடைய அடுத்த பரிசோதனை என்ன தெரியுமா? ஃபோ-ஏ இல்லாத பாக்டீரியா வெவ்வேறு சர்க்கரைகளில் எப்படி வளர்கிறது என்பது. அந்தப் பட்டியலில் லாக்டோஸும் இருந்தது. கைக்கு வந்த ஒரு காலனியை எடுத்து, அது வெள்ளையாக அமைந்திருந்தால், 'ஃபோ-ஏ இல்லாவிட்டால் லாக்டோஸில் வளராது' என்று ஆய்வேட்டில் எழுதியிருப்பார். பிசிஆர் செய்தாலும் ஃபோ-ஏ நீக்கம் சரியாகவே தெரியும். தப்பு வேறு இடத்தில் ஒளிந்திருக்கும். நீலக் காலனிகளில் மூன்றை எடுத்து, மூன்றையும் தனித்தனியாக வைத்து வேலையைத் தொடரச் சொன்னேன். ஒரே காலனியை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

### எங்கே பி1 கைவிடும்

ஒரு வருஷம் ஒரு மாணவர் டிஎச்5 ஆல்ஃபாவுக்கு டிரான்ஸ்டக்ஷன் செய்ய மூன்று வாரம் போராடினார். ஒரு காலனிகூட வரவில்லை. லைசேட்டைப் புதுசாகச் செய்தார், கால்சியத்தை மாற்றினார், கானமைசினையே சந்தேகப்பட்டார். குற்றம் எதிலும் இல்லை. டிஎச்5 ஆல்ஃபாவில் ரெக்-ஏ ஜீன் பழுது. பி1 கொண்டுவருவது வெறும் நேர்கோட்டுத் துண்டு. அதற்குத் தானாகப் பிரதியெடுக்கத் தெரியாது. குரோமோசோமில் அதே பகுதியோடு இடம் மாறினால்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். அந்த இடமாற்றத்தைச் செய்வது ரெக்-ஏ. ரெக்-ஏ நன்றாக இருக்கும் செல்லில்கூட வந்த துண்டுகளில் பெரும்பகுதி சேராமலேயே கிடந்துவிடுகிறது.

இரண்டாவது தடை மேற்பரப்பு. பி1 ஒட்டுவது பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடின் உட்பகுதியில். ஆய்வகத்து கே-12-க்கு அதன் மேலே இருக்க வேண்டிய நீண்ட சர்க்கரைச் சங்கிலி இல்லை, அதனால் பி1-க்கு வழி திறந்தே இருக்கிறது. ஊருணியிலோ மருத்துவமனையிலோ பிரித்த ஈ.கோலை பலவற்றுக்கு அந்தச் சங்கிலி உண்டு; பி1 அதைத் தாண்டி உள்ளே போகத் திணறும். கே-12-இலேயே கேலக்டோஸ் ஜீன்கள் சில பழுதானால் உட்பகுதி முழுசாக உருவாகாது, அப்போதும் பி1 ஒட்டாது. சோதிப்பது எளிது: வாங்கும் வகையைப் பரப்பிய பிளேட்டில் லைசேட்டை ஒரு சொட்டு வையுங்கள். சொட்டு விழுந்த இடம் தெளியவில்லை என்றால் பி1-ஐ மறந்துவிடுங்கள்.

## கான்ஜுகேஷன்

இங்கே இரண்டு தனி விஷயங்கள் ஒரே பெயரில் ஓடுகின்றன. பிளாஸ்மிட்டை மாற்றுவது ஒன்று, குரோமோசோமை மாற்றுவது இன்னொன்று.

குரோமோசோம் விஷயத்தைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். எஃப் பிளாஸ்மிட் குரோமோசோமுக்குள்ளேயே சேர்ந்துகொண்ட வகைகளை எச்எஃப்ஆர் என்கிறோம். அவை பிளாஸ்மிட்டை அனுப்பத் தொடங்கும்போது பின்னாலேயே குரோமோசோமும் இழுபட்டுப் போகும். நம் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குள் போவதுபோலத்தான் இது. முகப்பைத் தாண்டாமல் வளவுக்குப் போக முடியாது, வளவைத் தாண்டாமல் இரண்டாங்கட்டுக்குப் போக முடியாது. ஜீன்களும் அதே மாதிரி வரிசையாகத்தான் போகும், நடுவிலிருந்து தொடங்காது. முழுக் குரோமோசோமும் போக சுமார் 100 நிமிடம் ஆகும். அதற்குள் ஜோடி பெரும்பாலும் பிரிந்துவிடும், அதனால் பின்கட்டில் இருக்கும் ஜீன்கள் அரிதாகவே வந்து சேரும். 1950-களில் பாரிஸில் எலி வோல்மனும் ஃபிரான்சுவா ஜகோபும் சமையலறை மிக்ஸி போன்ற கருவியில் ஜோடிகளைக் குறித்த நேரத்தில் பிரித்து, எந்த ஜீன் எத்தனையாவது நிமிடத்தில் நுழைகிறது என்று அளந்தார்கள். அவர்கள் பயன்படுத்திய வகையில் லாக்டோஸ் ஜீன் சுமார் 18-ஆம் நிமிடம், கேலக்டோஸ் ஜீன் சுமார் 25-ஆம் நிமிடம். குரோமோசோமில் தூரத்தை நிமிடத்தில் சொல்லும் வழக்கம் அங்கிருந்து வந்தது.

நம் தேவகோட்டை மாணவிக்கு இது உதவுமா? உதவாது. கியோ வகைகளில் எஃப் பிளாஸ்மிட்டே இல்லை, அதை முதலில் புகுத்தி எச்எஃப்ஆர் ஆக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் நிமிடத்துக்கு 46,000 காரம் வீதம் குரோமோசோம் கொட்டும். பத்து நிமிடம் விட்டாலே பி1 சுமப்பதைப்போல நாலரை மடங்கு வந்துவிடும். கூட வரும் விருந்தாளிகளைக் கட்டுப்படுத்த முடியாது. இரட்டை நீக்க வகைகளை ஆயிரக்கணக்கில், இயந்திரத்தை வைத்துப் பிளேட் பிளேட்டாக உருவாக்குபவர்கள் எச்எஃப்ஆர் வழியைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்றிரண்டு வகைக்கு அது தேவையில்லை.

பிளாஸ்மிட் என்றால் கதை மாறுகிறது. பி1 தலைக்குள் அடங்காத 1.5 லட்சம் காரப் பிளாஸ்மிட்டும் கான்ஜுகேஷனில் முழுசாகப் போகும். ரெக்-ஏ தேவையில்லை, ஏனென்றால் பிளாஸ்மிட் தனியாக நிற்கக்கூடியது. டிஎச்5 ஆல்ஃபாவும் வாங்கிக்கொள்ளும். ஆர்பி4 போன்ற பிளாஸ்மிட்களுக்கு இனமும் தடையில்லை. ஈ.கோலையிலிருந்து சூடோமோனாஸுக்கு ஒன்றைக் கொண்டுபோக வேண்டும் என்றால் நான் முதலில் எடுப்பது இந்த வழியைத்தான்.

செய்முறை எளிது. கொடுப்பதையும் வாங்குவதையும் வளரும் பருவத்தில் எடுத்துக் கழுவி, ஆன்டிபயாடிக் இல்லாத பிளேட்டின் மேல் ஒரு சொட்டாக வைத்து, சில மணி நேரம் அசைக்காமல் விடுவது. திரவத்தில் வைத்து வேகமாக ஆட்டினால் தொட்டுக்கொண்டிருக்கும் ஜோடிகள் பிரிந்துவிடும். எஃப் மெதுவாக அசையும் திரவத்தில் சமாளிக்கும். ஆர்பி4-இன் பைலஸ் விறைப்பானது, அதற்குத் திடமான பரப்பு வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கொடுத்தவர் சாகவில்லை. பிளேட்டில் இரண்டு பேரும் கலந்து நிற்கிறார்கள், பிளாஸ்மிட்டின் எதிர்ப்பு இருவரிடமும் இருக்கிறது. ஆகவே வாங்குபவரிடம் மட்டும் இருக்கும் வேறொரு எதிர்ப்பு, ரிஃபாம்பிசினோ ஸ்ட்ரெப்டோமைசினோ, முன்கூட்டியே வேண்டும். அல்லது வெளியிலிருந்து டயமினோபிமெலிக் அமிலம் தராவிட்டால் சாகும் கொடுப்பவர் வகையைப் பயன்படுத்த வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாமல் தொடங்கினால், ஒரு வாரம் கழித்து யார் யார் என்று தெரியாமல் நிற்பீர்கள்.

இன்னொரு செலவைப் பலர் கவனிப்பதில்லை. தானாகவே நகரும் பிளாஸ்மிட்டை வாங்கிய செல், அடுத்த நிமிடம் தானும் கொடுப்பவர் ஆகிவிடுகிறது. அதே பெஞ்சில் கலப்படம் நடந்தால் எதிர்ப்பு உங்கள் மற்ற வகைகளுக்கும் போகும். இதைத் தவிர்க்க, நகரும் தொடக்க இடம் மட்டும் உள்ள சிறிய பிளாஸ்மிட்டைப் பயன்படுத்தி, கைமாற்று இயந்திரத்தைக் கொடுப்பவரின் குரோமோசோமில் வைக்கலாம். அப்போது வாங்கியவரிடம் இயந்திரம் இருக்காது, ஓட்டம் அங்கேயே நிற்கும். இதற்குப் பரவலாகப் பயன்படும் எஸ்17-1 என்ற வகைக்கு ஒரு குறை உண்டு. அதன் குரோமோசோமில் மியூ என்ற ஃபேஜும் இருக்கிறது, அது பிளாஸ்மிட்டோடு சேர்ந்து புது செல்லுக்குள் போய் ஜீன்களுக்கு நடுவே உட்கார்ந்துவிடலாம். கான்ஜுகேஷன் என்று நினைத்துச் செய்ததில் ஃபேஜும் வந்து சேரும். மியூ இல்லாத வகைகள் இப்போது கிடைக்கின்றன, அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே அதே வகைப் பிளாஸ்மிட் இருக்கும் செல் இரண்டாவதை உள்ளே விடாது என்பதையும் மறக்க வேண்டாம். எஃப் உள்ள செல்லின் மேற்பரப்புப் புரதங்கள் இன்னோர் எஃப் நுழைவதைத் தடுக்கும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | பி1 டிரான்ஸ்டக்ஷன் | கான்ஜுகேஷன் |
|---|---|---|
| சுமப்பவர் | ஃபேஜ் துகள் | உயிருள்ள பாக்டீரியா, நேரடித் தொடுகை |
| நகரும் நீளம் | சுமார் 1 லட்சம் காரம், அதற்குமேல் இல்லை | முழுப் பிளாஸ்மிட். எச்எஃப்ஆர் என்றால் நேரத்தைப் பொறுத்தது |
| எந்தப் பகுதி | குரோமோசோமின் அநேகமாக எந்தப் பகுதியும் | பிளாஸ்மிட், அல்லது தொடக்க இடத்திலிருந்து வரிசையாக |
| ரெக்-ஏ | வேண்டும் | பிளாஸ்மிட்டுக்கு வேண்டாம், குரோமோசோமுக்கு வேண்டும் |
| வாங்குபவர் | பி1 ஒட்டும் வகை மட்டும் | பிளாஸ்மிட்டைப் பொறுத்து வேறு இனமும் |
| வெளியே கிடக்கும் டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதி சேர்த்தால் | நிற்காது | நிற்காது |
| 0.22 மைக்ரான் வடிகட்டி | கடந்து போகும் | நின்றுவிடும் |
| மறைந்த செலவு | பக்கத்து ஜீன்கள், மிச்ச ஃபேஜ் | கொடுப்பவரை ஒழிப்பது, மேற்கொண்டு பரவுவது |

## நடப்பது எது என்று கண்டுபிடிக்க

இந்த அட்டவணையின் டிஎன்ஏஸ், வடிகட்டி வரிகள் கானாடுகாத்தான் மாணவருக்கு. வரலாறும் இதிலேதான் இருக்கிறது. 1946-ல் லெடர்பெர்கும் டேட்டமும் ஈ.கோலை ஜீன் பரிமாறுவதைக் காட்டினார்கள். 1950-ல் பெர்னார்ட் டேவிஸ் யு வடிவக் குழாயில் நடுவே வடிகட்டி வைத்து, இரு பக்கமும் இரு வகையை வளர்த்தார். திரவம் கலந்தது, செல்கள் தொடவில்லை. பரிமாற்றம் நடக்கவில்லை. தொடுகை கட்டாயம் என்று அதிலிருந்து தெரிந்தது. அதே கான்ஜுகேஷனை சால்மோனெல்லாவில் தேடிய நார்ட்டன் ஜிண்டரும் ஜோஷுவா லெடர்பெர்கும் அதே மாதிரிக் குழாயை வைத்தபோது, வடிகட்டி இருந்தும் ஜீன் கடந்துபோனது. டிஎன்ஏஸ் சேர்த்தும் நிற்கவில்லை. அந்தச் சுமப்பவர் பி22 என்ற ஃபேஜ். 1952-ல் டிரான்ஸ்டக்ஷன் என்ற சொல் இப்படித்தான் வந்தது.

நாங்கள் குழாயை வளைக்கவில்லை, நான்கு சோதனைக் குழாய் போதும். வாங்குபவராக ரிஃபாம்பிசின் எதிர்ப்புள்ள கே-12. முதல் குழாயில் ஊருணிப் பாக்டீரியாவும் கே-12-உம் சேர்ந்து. இரண்டாவதில் அதோடு டிஎன்ஏஸும். மூன்றாவதில் ஊருணிப் பாக்டீரியா வளர்ந்த திரவத்தை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அந்த வடிநீரை மட்டும் கே-12-க்கு. நான்காவதில் அதே வடிநீரில் டிஎன்ஏஸ் சேர்த்து. நான்கையும் ஆம்பிசிலினும் ரிஃபாம்பிசினும் சேர்ந்த பிளேட்டில் பரப்பினோம். வடிநீர்க் குழாய்களில் காலனி வந்து, டிஎன்ஏஸுக்குப் பிறகும் வந்தால் ஃபேஜைச் சந்தேகிக்கலாம். வடிநீரில் வந்து டிஎன்ஏஸில் நின்றால் வெறும் டிஎன்ஏவை உறிஞ்சும் டிரான்ஸ்ஃபர்மேஷன். சேர்ந்த குழாய்களில் மட்டும் வந்தால் தொடுகை.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. பாக்டீரியாவுக்குள் உறங்கும் ஃபேஜ் தானாக வெளிவருவது குறைவாக இருக்கலாம், அப்போது வடிநீர் பொய்யாக வெறுமை காட்டும். அதனால் இன்னொரு பகுதிக்கு மைட்டோமைசின் சி கொடுத்து உறங்கும் ஃபேஜை எழுப்பி, அந்த வடிநீரையும் சோதித்தோம். இரண்டாவது, ஃபேஜும் பிளாஸ்மிட்டும் எப்போதும் இரண்டு தனி ஆட்கள் இல்லை. பி1 உறங்கும்போது குரோமோசோமில் சேராமல் பிளாஸ்மிட்டாகவே தனித்து நிற்கும். பி1 போன்ற இத்தகைய ஃபேஜ்-பிளாஸ்மிட்களில் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு ஜீன்கள் இருப்பதும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே 'பிளாஸ்மிட்டில் இருக்கிறது, அதனால் கான்ஜுகேஷன்' என்று சொல்லிவிட முடியாது. தாவும் வழியைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

அவருடைய வடிநீர்ப் பிளேட்டுகள் மைட்டோமைசினுக்குப் பிறகும் வெறுமையாகவே இருந்தன. சேர்த்து வைத்த இரண்டு குழாய்களிலும் டிஎன்ஏஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவு காலனி. நான் சொல்லாமலேயே அவர் ஐந்தாவது குழாய் ஒன்றைச் செய்தார்: அதே கலவையை ஷேக்கரில் வேகமாக ஆட்டிக்கொண்டே வைத்தது. மறுநாள் மற்ற பிளேட்டில் எண்ண முடியாத அளவுக்கு இருந்த காலனி, இதில் 11. "சார், ஆட்டினா பிரிஞ்சிடுது" என்று பிளேட்டைத் தூக்கிக் காட்டினார். பிளாஸ்மிட் எவ்வளவு பெரிது என்று ஜெல்லில் பார்க்கும் வேலையை இந்த வாரம் தொடங்கியிருக்கிறார். முளைத்த காலனிகளை வாங்குபவராக இல்லாமல் கொடுப்பவராக வைத்து, ஸ்ட்ரெப்டோமைசின் எதிர்ப்புள்ள இன்னொரு கே-12-க்கு அனுப்பிப் பார்க்கவும் ஏற்பாடு செய்திருக்கிறார்.